இழுக்காத மானிட்டர்

அவன் மவுஸைத் திருப்பினான், திரை திரும்பியது. எல்லார் கம்ப்யூட்டரிலும் அப்படித்தானே என்று கேட்கலாம். ஆனால் அன்று நான் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தபோது, அவன் கைக்கும் திரைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாதது போலிருந்தது. நான் மவுஸைத் திருப்பினால் திரை கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வரும். அந்த யோசனை அவனிடம் இல்லை. அவன் மெஷினில் ஏதோ இருக்கிறது, எனக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று, என்று அப்போதுதான் முதல்முறையாக மனதில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே அது சம்மணம் போட்டு உட்கார்ந்தும் விட்டது.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் கேமிங் சென்டர். பத்து மெஷின், இரண்டு ஏசி, அதில் ஒன்று சத்தம் மட்டும் போடும். நடத்துகிறவரை நாங்கள் எல்லாரும் அண்ணன் என்போம். என் வீட்டில் இருப்பது அக்கா படித்து முடித்தபின் எனக்கு வந்த பழைய லேப்டாப். அதில் கேம் திறப்பதற்குள் அம்மா குழம்பு வைத்து இறக்கிவிடுவார். அதனால் கல்லூரி விட்டால் நேராக அங்கேதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பதால் வீட்டில் அதிகம் கேட்கவும் மாட்டார்கள்.

அவன் என் வகுப்புதான். இலுப்பூரிலிருந்து பஸ்ஸில் வருவான். அவன் அப்பாவுக்கு அங்கே உரக்கடை. வகுப்பில் கடைசி பெஞ்ச், எதையும் தேடிப் படிக்க மாட்டான், மவுஸ்கூட சென்டரில் கிடப்பதுதான். நான் சொந்த மவுஸ் கொண்டுபோகிறவன். அதற்கென்று உறை, அதற்கென்று பேட். நான் உறையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் எதிரணியில் இரண்டு பேரைச் சுட்டு முடித்திருப்பான். அண்ணன் டீ வாங்கி வரச் சொன்னால் முதல் கிளாஸ் அவன் பக்கம் போகும். அதைக் கவனித்தது நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு எரிந்தது என்றால், திருச்சியில் ஒரு போட்டி இருந்தது. சென்டரிலிருந்து ஐந்து பேர் கொண்ட ஒரு டீம் போகும். நான்கு பேர் முடிவாகிவிட்டார்கள். ஐந்தாவது இடத்துக்கு நானா அவனா என்பதுதான் பாக்கி. மூன்று ஞாயிறு ஆடவிட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார். முதல் இரண்டு ஞாயிறும் அவன் கை ஓங்கியிருந்தது.

அவன் எப்போதும் ஏழாம் நம்பரில் உட்காருவான். நான் நான்கு. ஏழில் மட்டும் வேறு மானிட்டர். பழையது உடைந்துபோய், அண்ணன் எங்கிருந்தோ வாங்கி வைத்தது. என் சந்தேகம் முழுக்க அதன் மேல்தான். இரண்டாம் ஞாயிறு மேட்ச் தொடங்கப்போகும்போது அவன் பின்னால் போய் நின்றேன். ஏதோ ஒரு செட்டிங்ஸ் பக்கத்தை மூடிக்கொண்டிருந்தான்.

"என்னத்த மாப்ள மாத்துன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மாப்ள. இந்த மானிட்டரு இழுக்காது. அதான்."

அவ்வளவுதான் சொன்னான். எனக்குப் போதுமானதாக இருந்தது. எங்கள் சென்டரில் 'இழுக்குது' என்றால் ஒரே அர்த்தம்தான். கை போகிறது, திரை பின்னாலேயே இழுத்துக்கொண்டு வருகிறது. நெட் மெதுவாக இருந்தாலும் இழுக்குது, மவுஸ் மக்கர் செய்தாலும் இழுக்குது. ஆக, அவன் மானிட்டர் இழுக்காது. வாயாலேயே ஒத்துக்கொண்டான். நான் இழுக்கிற மானிட்டரில் உட்கார்ந்துகொண்டு, இழுக்காத மானிட்டரில் இருக்கிறவனோடு போட்டி போடுகிறேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரு விதமான சந்தோஷம்கூட இருந்தது. அவன் என்னைவிட நன்றாக ஆடவில்லை, நல்ல இடத்தில் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவே.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. சென்டர் மானிட்டர்கள் எல்லாவற்றிலும் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள். அதுதான் அவற்றின் பிறவி அளவு. ஆனால் எங்களைப் போல சுடும் கேம் ஆடுகிறவர்கள் பலர் 1280-க்கு 960 என்று சின்ன அளவில் வைத்து, அதைத் திரை முழுக்கப் பரப்பி ஆடுவார்கள். சதுரத்துக்குப் பக்கமான படத்தை அகலத் திரைக்குப் பரப்பும்போது எதிரி குண்டாகத் தெரிவான். குண்டான ஆளைச் சுடுவது சுலபம் என்று ஒரு நம்பிக்கை. நான் இதை 'ஸ்ட்ரெட்ச்' என்பேன்.

அந்தப் பரப்பும் வேலையை யாராவது செய்ய வேண்டும். இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்று, கிராபிக்ஸ் கார்டு: சின்னப் படத்தைத் தானே பெரிதாக்கி, மானிட்டருக்கு 1920-க்கு 1080 ஆகவே அனுப்பும். மானிட்டருக்குச் சின்னப் படம் ஒன்று இருந்ததே தெரியாது. இன்னொன்று, மானிட்டர்: கார்டு சின்னப் படத்தை அப்படியே அனுப்பிவிடும், மானிட்டருக்குள் இருக்கும் சிப் அதைப் பெரிதாக்கிக்கொள்ளும். யார் செய்யட்டும் என்று கார்டின் செட்டிங்ஸில் தேர்ந்தெடுக்கலாம்.

கார்டு செய்தால் தாமதம் கூடும், மானிட்டரிடம் விட்டுவிடுங்கள் என்று நான் ஒரு இடத்தில் அல்ல, நாலைந்து இடங்களில் படித்திருந்தேன். படித்ததோடு நிற்காமல் சென்டரில் எல்லாருக்கும் பாடமும் எடுத்திருந்தேன். எங்கள் சென்டரில் மெஷினை அணைத்துப் போட்டால் எல்லா செட்டிங்ஸும் பழையபடி ஆகிவிடும். அண்ணன் அப்படி ஒரு சாஃப்ட்வேர் போட்டு வைத்திருக்கிறார், நாங்கள் கண்டதையும் ஏற்றிக் கெடுத்துவிடக் கூடாதென்று. அதனால் ஒவ்வொருவரும் உட்கார்ந்ததும் முதல் காரியமாகத் தன் செட்டிங்ஸைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். கோவிலுக்குள் போகுமுன் கால் கழுவுவது மாதிரி. நான் தவறாமல் 'மானிட்டர்' என்று மாற்றிவிட்டுத்தான் கேமைத் திறப்பேன். இவ்வளவு செய்தும் எனக்கு இழுக்கிறதென்றால், கோளாறு நான்காம் நம்பர் மானிட்டரில்தானே இருக்க வேண்டும்?

மூன்றாம் ஞாயிறு காலை அண்ணனிடம் போனேன். இடத்தை மாற்றித் தர வேண்டும், இல்லாவிட்டால் இது நியாயமான போட்டி ஆகாது என்றேன். ஏழாம் நம்பர் மானிட்டரைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். அண்ணன் பல்லில் சிக்கிய எதையோ எடுத்துக்கொண்டே கேட்டார். பிறகு இலுப்பூர்க்காரனைக் கூப்பிட்டு, "தம்பி, நீ இன்னைக்கு அங்கிட்டு நாலுல உக்காந்துக்கிறியா? இவருக்கு ஏழுதான் வேணுமாம்" என்றார். இவருக்கு! அவன் சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் தன் முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நான்குக்குப் போய்விட்டான்.

ஏழில் உட்கார்ந்தேன். உறையைப் பிரித்தேன், பேடை விரித்தேன், செட்டிங்ஸில் 'மானிட்டர்' என்று மாற்றினேன், கேமைத் திறந்தேன்.

இரண்டு பக்கமும் கறுப்பு.

படம் நடுவில் சதுரமாக நின்றது. இடப்பக்கம் ஒரு கறுப்புப் பட்டை, வலப்பக்கம் ஒரு கறுப்புப் பட்டை. அவன் ஆடும்போது முழுத் திரையும் நிறைந்திருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மானிட்டரின் அடியில் தடவி பட்டன்களைக் கண்டுபிடித்து அமுக்கினேன். மெனு வந்தது. படத்தை முழுசாகப் பரப்பும் வழி எங்கேயாவது இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். வெளிச்சம் இருந்தது, நிறம் இருந்தது, எனக்கு வேண்டியது இல்லை. அதற்குள் மேட்ச் தொடங்கிவிட்டது. கறுப்புப் பட்டைகளோடேயே ஆடினேன். ஏழாம் நம்பரிலும் எனக்கு இழுத்தது. நான்கில் எவ்வளவு இழுத்ததோ அதே அளவு. எதிரிகள் ஒல்லியாக வேறு இருந்தார்கள்.

நான்காம் நம்பரில் அவன் எப்போதும்போல ஆடினான். என் மானிட்டரில். நான் மூன்று வாரமாகத் திட்டிய மானிட்டரில். அந்த மேட்சில் அவன்தான் முதல்.

மேட்ச் முடிந்த இடைவேளையில் எல்லாரும் டீக்கு இறங்கினார்கள். நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. சின்ன வயதில் அத்தை மகன் சைக்கிளில் கையை விட்டு ஓட்டியபோது ஒரு வயிற்றெரிச்சல் வந்ததே, அதே எரிச்சல், வளர்ந்து மீசையோடு வந்து நின்றது. மானிட்டரைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. அப்போ கைதான் என்றால், கைக்கு நான் எங்கே போவேன்? சும்மா மறுபடி பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தேன். மெனுவின் கடைசிப் பக்கத்தில், மானிட்டருக்கு இப்போது என்ன வருகிறது என்று ஒரு வரி இருந்தது.

1280 x 960, 60 ஹெர்ட்ஸ்.

அறுபதா? இந்தச் சென்டரின் பெருமையே நூற்று நாற்பத்து நான்குதான். வாசலில் போர்டிலேயே எழுதியிருக்கும். நொடிக்கு நூற்று நாற்பத்து நான்கு தடவை திரை புதிதாகும். டெஸ்க்டாப்பில் நான் பலமுறை சரிபார்த்திருக்கிறேன், நூற்று நாற்பத்து நான்கு என்றுதான் காட்டும். கேமுக்குள் மூலையில் ஓடும் எண்ணும் இருநூறுக்கு மேல்தான் இருக்கும். ஆனால் அந்த எண் கார்டு நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதைத்தான் சொல்லும். மானிட்டர் எத்தனையைக் காட்டுகிறது என்று அது சொல்லாது. கார்டு இருநூறு வரைந்து என்ன, மானிட்டர் அறுபது தடவைதான் கண்ணைத் திறக்கிறது.

ஓடிப்போய் நான்காம் நம்பர் மானிட்டரின் பட்டனை அமுக்கினேன். அவன் கேமைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போயிருந்தான். 1920 x 1080, 144 ஹெர்ட்ஸ்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒரே இழுப்பில் வந்தது. நான் மானிட்டரிடம் வேலையை விட்டதால் கார்டு சின்னப் படத்தை அப்படியே அனுப்பியிருக்கிறது. மானிட்டர் தன்னால் எந்தெந்த அளவை எந்தெந்த வேகத்தில் வாங்க முடியும் என்று கார்டுக்கு ஒரு கணக்குச் சொல்லி வைத்திருக்கும். எங்கள் மானிட்டர்கள் பிறவி அளவுக்கு நூற்று நாற்பத்து நான்கு சொல்லியிருக்கின்றன, 1280-க்கு 960 என்றால் அறுபதுதான் சொல்லியிருக்கின்றன. நான்காம் நம்பரில் படம் திரை முழுக்கப் பரவிவிட்டதால் நான் எதையும் சந்தேகிக்கவில்லை. நூற்று நாற்பத்து நான்கில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஏழு மில்லிசெகண்ட், அறுபதில் பதினேழு. தாமதத்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று நானே என் திரையைப் பாதி வேகத்துக்கும் கீழே தள்ளிவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து அவன் கையைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவன் டீயோடு மேலே வந்தான்.

"நீ கார்டுலயா வச்சு ஆடுற?" என்றேன்.

"ஆமா."

"பெறகு எதுக்கு மாப்ள அன்னைக்கு ஏழு இழுக்காதுன்ன?"

"இழுக்காதுதான் மாப்ள. படத்த இழுத்துக் காட்டாது. நடுவுல சின்னதா வச்சு ரெண்டு பக்கமும் கறுப்பு அடிச்சிரும். ஒனக்கும் அப்படித்தான வந்துச்சு?" டீயை ஒரு வாய் குடித்தான். "அதான் நான் கார்டுல இழுத்துக்கிறது."

நான் ஸ்ட்ரெட்ச் என்கிறேன், அவன் இழுக்கிறது என்கிறான். இவ்வளவுதான். அவன் அந்த மானிட்டரைக் குறை சொல்லியிருக்கிறான். நான் அதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் அந்த மானிட்டருக்காக ஏங்கி, அண்ணனிடம் கெஞ்சி வாங்கியிருக்கிறேன்.

"அதுனால ஒனக்கு நூத்தி நாப்பத்தி நாலு நிக்குது தெரியுமா?" என்றேன். அவனுக்குத் தெரிந்திருக்கக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டுதான் கேட்டேன்.

"அப்படியா? எனக்குக் கறுப்பு தெரியக் கூடாது, அவ்வளவுதான்." முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான்.

தெரிந்து செய்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். படித்துப் படித்துத் தவறான பக்கம் நான் போனேன். கறுப்பு பிடிக்கவில்லை என்று சரியான பக்கம் அவன் போனான். ஏழில் பழகியதை எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் அப்படியே போட்டுக்கொள்கிறான். முறுக்கு நன்றாகவே இருந்தது. அதுவும் எரிச்சல்தான்.

இரண்டாவது மேட்சுக்கு ஏழிலேயே உட்கார்ந்து கார்டுக்கு மாற்றினேன். கறுப்புப் பட்டைகள் போயின. மெனுவில் 1920 x 1080, 144 என்று நின்றது. மவுஸைத் திருப்பினேன், திரை திரும்பியது. மூன்று வாரம் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்த அந்த ஒன்றுமில்லாமை, என் கைக்குள் இருந்தது. அந்த மேட்ச் முழுக்க எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. குண்டு எதிரிகள் வரிசையாக விழுந்தார்கள். நான் இதுவரை ஆடியதிலேயே நல்ல ஆட்டம் அதுதான்.

அவன் என்னைவிட இரண்டு பேரை அதிகமாகச் சுட்டிருந்தான்.

அண்ணன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நான் வாய் மூடாமல் அறுபதையும் நூற்று நாற்பத்து நான்கையும் பற்றிச் சொன்னேன், மானிட்டர் மெனுவையே திறந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், போர்டில் எழுதியது பொய்யாகிவிடுமோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது. பிறகு சொன்னார்:

"சரிப்பா, இழுத்துச்சு. நான் இல்லங்கல. ஆனா கடைசி மேட்ச்சுல ரெண்டு பேருக்கும் இழுக்கலையே."

இதற்குப் பதில் என்னிடம் இருந்தது. மூன்று வாரம் இழுக்கிற திரையில் ஆடிய கைக்கு ஒரே மேட்சில் பழக்கம் மாறுமா, எவ்வளவு முன்னால் திருப்ப வேண்டும் என்று அறுபதில் பழகிய கை அல்லவா என்று கேட்டேன். அண்ணன் கழுத்தைச் சொறிந்தார். ஐந்தாவது இடம் அவனுக்கு, நான் ஸ்பேர் என்றார். ஆனால் திருச்சிக்குப் போவதற்கு முன்னால் ஒரு ஞாயிறு, இரண்டு பேரையும் ஒரே மாதிரி மானிட்டரில், ஒரே மாதிரி செட்டிங்ஸில் உட்காரவைத்து இன்னொரு தடவை பார்ப்பதாக ஒத்துக்கொண்டார். "அந்த ஒரே மாதிரிங்கிறத நீயே பாத்து வையி. ஒனக்குத்தான அதெல்லாம் தெரியும்" என்றார். பாராட்டா குத்தலா என்று இன்னும் தெரியவில்லை.

அவன் இலுப்பூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று படியிறங்கிப் போனான். ஐந்தாவது இடம் கிடைத்ததற்கு ஒரு வார்த்தை சந்தோஷம்கூடக் காட்டவில்லை. எனக்குக் கிடைத்திருந்தால் தெருவுக்கே கேட்டிருக்கும்.

அன்றிலிருந்து ஒன்று குடைகிறது. நான் படித்தது முழுப் பொய்யும் இல்லை. கார்டு படத்தைப் பரப்புவதற்கும் ஏதோ கொஞ்சம் நேரம் ஆகத்தான் வேண்டும். மானிட்டருக்கும் அப்படியே, சில மானிட்டர்கள் வரி வரியாக வாங்கி அப்போதைக்கப்போதே பரப்பிவிடும், சில முழுப் படம் வந்துசேரும்வரை காத்திருக்கும். எங்கள் சென்டரில் எது வேகம் என்று ஒருவருக்கும் தெரியாது. நான் அறுபதையும் நூற்று நாற்பத்து நான்கையும் ஒப்பிட்டுவிட்டேனே தவிர, கார்டையும் மானிட்டரையும் இன்னும் ஒப்பிடவே இல்லை. இரண்டுக்கும் ஒரே வேகம் கொடுத்தால்தான் அது தெரியும்.

அதனால் வரும் ஞாயிறு காலை, கூட்டம் வருமுன் சென்டருக்குப் போகிறேன். நான்காம் நம்பரில், 1280-க்கு 960, நூற்று நாற்பத்து நான்கு என்று கார்டுக்குள் நானே ஒரு புது அளவை உண்டாக்கப்போகிறேன். மானிட்டர் அதை ஏற்காமல் திரை கறுத்துப் போகலாம். போனால் அணைத்துப் போட்டால் தீர்ந்தது, அண்ணனின் சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் துடைத்துவிடும்; இதைச் சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன். ஏற்றுக்கொண்டால் ஒரு தடவை மானிட்டர் பரப்பட்டும், ஒரு தடவை கார்டு பரப்பட்டும். அக்கா போனில் ஸ்லோ மோஷன் நொடிக்கு இருநூற்று நாற்பது படம் எடுக்கும். மவுஸ் பட்டன் அமுங்குவதும் திரையில் துப்பாக்கி வெடிப்பதும் ஒரே வீடியோவில் விழ வேண்டும். நடுவில் எத்தனை படம் என்று எண்ணினால் தாமதம் தெரியும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நான்கு மில்லிசெகண்ட் இடைவெளி என்பதால், அதைவிடச் சின்ன வித்தியாசம் ஒரு கிளிக்கில் பிடிபடாது. நிறையத் தடவை கிளிக் செய்து சராசரி பார்க்க வேண்டும்.

கார்டுதான் வேகம் என்று வந்தால், அவன் இவ்வளவு நாளும் தெரியாமலே நல்லதில் ஆடியிருக்கிறான். மானிட்டர்தான் வேகம் என்று வந்தால், அவன் மெதுவானதை வைத்துக்கொண்டே என்னை அடித்திருக்கிறான். இரண்டில் எது வந்தால் எனக்குக் குறைவாக வலிக்கும் என்று பஸ் ஸ்டாண்ட் வரை யோசித்துக்கொண்டே நடந்தேன்.

கிளிக் செய்ய ஒரு ஆள் வேண்டும், போனை நான் பிடித்துக்கொள்ள வேண்டுமே. நேற்று வகுப்பில் அவனிடம் கேட்டேன். முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுகிறேன் என்றான். அவன் விரலைத்தான் பக்கத்தில் வைத்து எடுக்கப்போகிறேன், ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்தி, அந்தக் கையில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்பேன்.